நியாயப் போர், அமைதிவாதம், அகிம்சை: பருவக் கட்டுரை எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தில்லியில் தத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஒவ்வொரு பருவத்திலும் மயூர் விகாரில் உள்ள என் வீட்டுக்கு வருவார்கள். காப்பி குடித்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். அறவியல் தாளுக்கு இந்தத் தலைப்பு வரும்போதெல்லாம் அதே கேள்விகள்தான். ஒரே பதிலைப் பத்து முறை சொல்வதற்குப் பதில் எழுதிவைத்துவிட்டேன்.

அக்கா, ஐந்து மரபுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதினால் போதாதா?

பக்கம் நிறையும், கட்டுரை ஆகாது. நானும் முதுகலையில் அப்படித்தான் எழுதினேன். "ஐந்து சுருக்கங்களை ஊசிநூலால் தைத்திருக்கிறாய்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். கோபமாக இருந்தது. ஆனால் சொன்னது சரிதான்.

எல்லா மரபுகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் அவற்றை ஒப்பிட முடியும். நான் சிபாரிசு செய்யும் கேள்வி இது: போர் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அதில் எதிரியைக் கொன்றுவிட்டு வரும் வீரனை அந்த மரபு என்ன செய்கிறது? வாழ்த்தி அனுப்புகிறதா, கையைக் கழுவிவிட்டு வா என்கிறதா, நரகத்துக்குப் போவாய் என்கிறதா? போர் எப்போது நியாயம் என்று கேட்டால் எல்லா மரபுகளும் ஏறத்தாழ ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கும். வீரன் திரும்பி வந்த பிறகு என்ன என்று கேட்டால்தான் அவை தனித்தனியே பேச ஆரம்பிக்கும்.

மூன்று சொற்களுக்கும் என்ன வித்தியாசம்? அமைதிவாதமும் அகிம்சையும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. சில போர்கள் அறத்துக்கு உட்பட்டவை, அவற்றுக்கு விதிகள் உண்டு என்பது நியாயப் போர்க் கொள்கை. எந்தப் போரிலும் பங்கெடுக்க மாட்டேன் என்பது அமைதிவாதம். அகிம்சை என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, எந்த உயிருக்கும் ஊறு செய்யாமலிருக்கும் தனிமனித நோன்பு. இன்னொன்று, காந்தி செய்ததுபோல ஆயுதம் இல்லாமல் நடத்தும் போராட்டம். நோன்பு இருப்பவர் போராட வேண்டிய அவசியம் இல்லை. போராடுகிறவரும் எல்லாச் சூழலிலும் போரை எதிர்த்தாக வேண்டும் என்றில்லை. காந்தியே 1918இல் கேடா மாவட்டத்தில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தவர். இந்த ஒரு தகவல் போதும், இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க.

பௌத்தம் அகிம்சை மதம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாமா?

எழுதலாம், ஆனால் ஆதாரம் கேட்பார்கள். சங்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூல் தொகுப்பில் உள்ள யோதாஜீவ சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் இராது, ஆனால் இந்தத் தலைப்பில் அதைவிடக் கூர்மையான உரையாடல் எனக்குத் தெரிந்து இல்லை.

போர்த்தொழில் செய்யும் ஒரு தலைவன் புத்தரிடம் வருகிறான். களத்தில் முழு மூச்சாகப் போரிட்டு மாண்டவன் தேவர்களோடு சேர்கிறான் என்று எங்கள் முன்னோர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். "வேண்டாம், இதை என்னிடம் கேட்காதே" என்கிறார் புத்தர். அவன் விடவில்லை, மறுபடியும் கேட்கிறான், மறுபடியும் மறுக்கிறார். மூன்றாவது முறை கேட்டதும் சொல்லிவிடுகிறார். வாளை ஓங்கும் அந்த நேரத்தில் 'இவர்கள் வெட்டுப்படட்டும், அழியட்டும்' என்ற நினைப்பு அவன் மனத்தை ஏற்கனவே தாழ்த்திவிட்டிருக்கிறது. அந்த மனத்தோடு செத்தால் போய்ச் சேரும் இடம் நரகம். அவன் அழுகிறான். அதனால்தான் கேட்காதே என்றேன் என்கிறார் புத்தர். அவன் சொல்லும் பதிலைத் தவறவிடாதீர்கள்: தாங்கள் சொன்னதற்காக அழவில்லை, இத்தனை காலம் அந்த ஆசிரியர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்களே என்றுதான் அழுகிறேன்.

அந்த வீரன் நியாயமான பக்கத்தில் நின்றானா என்று புத்தர் கேட்கவே இல்லை. காரணம் எதுவானாலும் கொல்லும் கணத்தில் மனம் என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஆனால் அரசே படை வைத்திருக்கக் கூடாது என்றும் இங்கே அவர் சொல்லவில்லை. இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு 'பௌத்தம் போரை ஒழிக்கச் சொன்னது' என்று எழுதினால் அது உங்கள் கற்பனை.

சமணர்கள் எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்களே, அவர்களுக்குப் போரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கட்டுரையின் நடுக்கம்பமாக நான் இதைத்தான் வைப்பேன்.

முதலில் ஒரு வகைப்பாடு. சமண அறநூல்கள் இல்லறத்தாரைப் பொறுத்தவரை ஹிம்சையை நான்காகப் பிரிக்கின்றன: வேண்டுமென்றே செய்வது, சமையல் போன்ற வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தாக்க வருபவனை எதிர்க்கும்போது நேர்வது. முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் விட்டுவிட வேண்டும். மற்ற மூன்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அவற்றோடு வாழலாம். துறவிக்கு நான்குமே கூடாது.

இனி கதை. பகவதி சூத்திரம் என்ற சமண நூலின் ஏழாம் பகுதியில், கூணிகன் (பௌத்தர்கள் அஜாதசத்ரு என்பவன்) வைசாலிமீது தொடுத்த போர் வருகிறது. போரில் மாண்டவர்கள் சொர்க்கம் போகிறார்கள் என்று ஜனங்கள் பேசிக்கொள்கிறார்களே, உண்மையா என்று கௌதமர் மகாவீரரிடம் கேட்கிறார். இது புத்தரின் சீடர் அல்ல, மகாவீரரின் சீடர் இந்திரபூதி கௌதமர். இரண்டு பேரையும் குழப்பிய விடைத்தாள்களை நானே பார்த்திருக்கிறேன். உண்மையில்லை என்று சொல்லிவிட்டு மகாவீரர் வருணன் என்பவனின் கதையைச் சொல்கிறார்.

வருணன் வைசாலிக்காரன், சமண இல்லறத்தான், விட்டுவிட்டு உண்ணா நோன்பு இருப்பவன். போருக்கு வா என்று ஆணை வருகிறது. அவன் மறுக்கவில்லை. நோன்பை ஒரு நாள் நீட்டிக்கொண்டு தேரேறுகிறான். ஏறும்போதே ஒரு விரதம் எடுக்கிறான்: என்னை முதலில் அடித்தவனைத் தவிர வேறு யாரையும் அடிக்க மாட்டேன். களத்தில் எதிரி ஒருவன் நேருக்கு நேர் வந்து அடி என்கிறான். நீ அடிக்காமல் நான் அடிக்க முடியாது என்கிறான் வருணன். எதிரியின் அம்பு பாய்கிறது. அதன் பிறகுதான் வருணன் வில்லை வளைக்கிறான், எதிரி விழுகிறான். தனக்குப் பட்ட காயம் உயிரைக் குடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தேரைக் களத்துக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போய், தருப்பையைப் பரப்பி, கிழக்கு நோக்கி உட்காருகிறான். இதுவரை சில ஹிம்சைகளை மட்டும் விட்டேன், இனி எல்லாவற்றையும் விடுகிறேன் என்று முழு விரதம் ஏற்று, உடலில் இருந்த அம்பைப் பிடுங்கிவிட்டுச் சாகிறான். அவன் தேவனாகப் பிறக்கிறான்.

அவன் இறந்த இடத்தில் தேவர்கள் பூமாரி பொழிந்தார்களாம். அதைப் பார்த்த ஜனங்கள்தான் 'ஓ, போரில் செத்தால் சொர்க்கம்போலிருக்கிறது' என்று பேச ஆரம்பித்தார்கள் என்று முடிக்கிறது நூல். ஒரு நம்பிக்கையை வெறுமனே மறுக்காமல், அது எப்படிப் பிறந்தது என்று லேசாகச் சிரித்துக்கொண்டே காட்டும் இடம் இது.

இதை நியாயப் போர் எனலாமா? தற்காப்பு இருக்கிறது, அரசன் ஆணை இருக்கிறது, முதலில் அடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. ஆனால் அவனை உயர்த்தியது இவை எதுவும் அல்ல, களத்தைவிட்டு வெளியேறிய பிறகு எடுத்த துறவுதான். நியாயமாகக் கொன்றதற்குத் தண்டனை தள்ளிப்போகலாம், வெகுமதி கிடையாது. இந்த நுணுக்கத்தை 'சமணம்: முழு அகிம்சை' என்ற ஒற்றை வரி விழுங்கிவிடும்.

தமிழில் இதற்கு எதிர்முனை ஏதாவது இருக்கிறதா?

அதே தருப்பையில் இருக்கிறது. புறநானூற்று 93ஆம் பாட்டில் ஔவையார் அதியமானிடம் பேசுகிறார். உன்னிடம் தோற்ற மன்னர்கள் களத்தில் மாண்டதால் பிழைத்தார்கள் என்கிறார். எதிலிருந்து? நோயில் செத்த மன்னனின் உடலைப் பசும்புல்லில் கிடத்தி, 'நல்லமர் வீழ்ந்த நீள்கழல் மறவர் செல்வுழிச் செல்க' என்று சொல்லி நான்மறையாளர் வாளால் பிளந்து அடக்கம் செய்யும் வழக்கத்திலிருந்து. படுக்கையில் செத்தவனுக்கும் ஒரு வாள்காயத்தைக் கொடுத்து வீரர் உலகத்துக்கு அனுப்புகிறார்கள்.

வருணனோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே காயப்பட்டவன் புல்லில் அமர்ந்து, உடலில் இருந்த ஆயுதத்தை எடுத்து எறிந்துவிட்டுச் சாகிறான். இங்கே காயமில்லாத உடலைப் புல்லில் கிடத்தி ஆயுதத்தைப் பாய்ச்சுகிறார்கள். புல் ஒன்றுதான், கணக்கு நேர்தலைகீழ். எந்த வகுப்பறைக் குறிப்பிலும் இதை நான் பார்த்ததில்லை. எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் போட வேண்டாம்.

அப்படியானால் திருவள்ளுவர் எந்தப் பக்கம்? அவரிடமே முரண்பாடு இருக்கிறதே.

'தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை' என்பதும் அவர்தான். தலைவன் கண்ணீர் மல்கச் சாகக் கிடைத்தால் அந்தச் சாவை இரந்தாவது பெறலாம் என்று 780ஆம் குறளில் சொல்வதும் அவர்தான். முன்னது துறவறவியலில் நிற்கிறது, பின்னது பொருட்பாலில், படைச்செருக்கு அதிகாரத்தில். ஆள் மாறும்போது அறம் மாறுகிறது. சமணர் செய்த துறவி, இல்லறத்தான் பிரிவினைக்குப் பக்கத்தில் வரும் ஏற்பாடு இது. முரண்பாடு என்று எழுதாதீர்கள். அதிகார வரிசையைப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, உரையோடு படியுங்கள்.

கீதையை எங்கே வைப்பது?

புத்தரிடம் அழுத அந்த வீரனுக்கு அவன் ஆசிரியர்கள் சொன்னதையே கிட்டத்தட்ட 2.37இல் கண்ணன் சொல்கிறான்: செத்தால் சொர்க்கம், வென்றால் மண். ஆனால் அடுத்த சுலோகத்திலேயே பேச்சு மாறுகிறது. இன்பம் துன்பம், வெற்றி தோல்வி இரண்டையும் சமமாகக் கருதிப் போரிடு, அப்போது பாவம் ஒட்டாது. கறை ஒட்டாமல் கொல்ல வழி உண்டு என்கிறது கீதை. கொல்லும் மனம் ஏற்கனவே கெட்டுப்போன மனம் என்கிறார் புத்தர். நேரடி மோதல் இதுதான்.

கீதையோடு நின்றுவிடாதீர்கள். போர் முடிந்ததும் மகாபாரதமே இந்தப் பதிலில் திருப்தி அடையவில்லை. தர்மன் காட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறான். கொன்ற பாவம் தீர அசுவமேதம் செய் என்று வியாசர் சொல்ல வேண்டியிருக்கிறது. கறையே ஒட்டவில்லையென்றால் பரிகாரம் எதற்கு? கடைசியில் சொர்க்கத்துக்குப் போன தர்மன் அங்கே முதலில் பார்ப்பது சிங்காசனத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் துரியோதனனை. க்ஷத்திரிய தர்மப்படி களத்தில் மாண்டவன் அல்லவா. தர்மனுக்கு வரும் ஆத்திரம் படிக்கும் நமக்கும் வருகிறது.

கிறிஸ்தவ மரபுக்கு அகஸ்டின், அக்வினாஸ் இரண்டு பேர் போதுமா?

அக்வினாஸ் சொன்ன மூன்று நிபந்தனைகளை (உரிய அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம்) எல்லோரும் எழுதுவார்கள். நீங்களும் ஒரு வரியில் எழுதிவிட்டு, நம் கேள்விக்குப் பதில் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

4ஆம் நூற்றாண்டில் செசரியா நகரத்து ஆயர் பசிலியார் ஒரு கடிதத்தில் சொல்கிறார்: போரில் கொல்வதை நம் முன்னோர் கொலையாகக் கருதவில்லை, ஆனாலும் அவர்கள் கை தூய்மையாக இல்லை, ஆகவே மூன்று ஆண்டுகள் நற்கருணையிலிருந்து விலகியிருக்கச் சொல்வது நல்லது. கொலை இல்லை, ஆனால் கை சுத்தமும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் உங்கள் கட்டுரையின் இடம். 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் நிக்கெபோரஸ் போக்காஸ், போரில் மாண்ட வீரர்களை மறைசாட்சிகளாக அறிவிக்கச் சொன்னபோது திருச்சபைத் தலைவர்கள் முடியாது என்றார்கள். அவர்கள் காட்டிய ஆதாரம் பசிலியாரின் இதே விதி.

மேற்கில் இன்னொரு ஆவணம். 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன் வீரர்களுக்கு, சில ஆண்டுகளில், அவர்களுடைய ஆயர்களே தவ விதிகள் வகுத்தார்கள். போப்பின் தூதர் எர்மன்ஃபிரிட் அவற்றை உறுதிசெய்தார். கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஓராண்டுத் தவம். காயப்படுத்தினேன், செத்தானா தெரியாது என்றால் ஆளுக்கு நாற்பது நாள். எத்தனை பேர் என்றே தெரியாதவன் வாழ்நாள் முழுவதும் வாரத்தில் ஒரு நாள், அல்லது ஒரு கோயில் கட்டலாம். வில்லாளிகளுக்குத் தனி விதி, ஏனென்றால் அம்பு யாரைத் தொட்டது என்று அவனால் சொல்ல முடியாது. இத்தனைக்கும் தோற்ற பக்கமல்ல, வென்ற பக்கம்.

ஹேஸ்டிங்ஸ் போருக்கு 29 ஆண்டுகள் கழித்து, 1095இல், கிளெர்மோன் மாநாட்டில் போப் இரண்டாம் அர்பன், பக்தியோடு எருசலேமை மீட்கப் போகிறவனுக்கு அந்தப் பயணமே எல்லாத் தவத்துக்கும் ஈடாகும் என்று அறிவித்தார். கொன்றதற்குத் தவம் என்றிருந்தது, போருக்குப் போவதே தவம் என்று ஆகிவிட்டது. 'கிறிஸ்தவ மரபு' என்று ஒருமையில் எழுதும்போது எந்த ஆண்டு என்று யாராவது கேட்டால் பதில் வைத்திருங்கள்.

இஸ்லாம்?

செவ்வியல் சட்டநூல்களில் பெரும்பாலானவற்றின்படி, ஷஹீத், அதாவது களத்தில் மாண்ட தியாகியின் உடலைக் குளிப்பாட்டுவதில்லை. ரத்தம் தோய்ந்த உடையோடே அடக்கம் செய்கிறார்கள். பசிலியாருக்குக் கொன்றவன் கையில் இருக்கும் கறை உறுத்துகிறது, இங்கே மாண்டவன் உடலில் இருக்கும் ரத்தம் சான்றாகிறது. ஆனால் அதே மரபில், வீரன் என்று பெயர் வாங்கப் போரிட்டுச் செத்தவன் தீர்ப்பு நாளில் முதல் ஆட்களில் ஒருவனாக விசாரிக்கப்பட்டு நரகத்தில் தள்ளப்படுவான் என்ற ஹதீஸும் உண்டு. நோக்கத்தை எடைபோடும் இந்த இடத்தில் அகஸ்டினை அருகில் உட்கார வைக்கலாம்.

காந்தியைச் சேர்க்காமல் முடிக்க முடியாதே. எந்த நிகழ்ச்சியை எடுப்பது?

உப்புச் சத்தியாகிரகம் வேண்டாம், வகுப்பே அதைத்தான் எழுதும். பெஷாவரை எடுங்கள், அதில் வீரனும் இருக்கிறான்.

1930 ஏப்ரல் 23. அப்துல் கஃபார் கான் கைதானதையொட்டி, அவர் தொடங்கிய குதாயி கித்மத்கார் இயக்கத்தினரும் பொதுமக்களும் கிஸ்ஸா குவானி கடைவீதியில் திரண்டார்கள். கித்மத்கார்கள் வன்முறையையும் பழிவாங்குவதையும் விடுவதாக உறுதிமொழி எடுத்த பட்டாணியர்கள். படை சுட்டது, பலர் செத்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட கார்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவு ஒன்று, சந்திரசிங் கார்வாலியின் தலைமையில், நிராயுதபாணிகள்மீது சுட மறுத்தது. ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

காந்தி பாராட்டியிருப்பார் என்றுதானே நினைப்போம்? 1932இல் வெளியான ஒரு பேட்டியில் பிரெஞ்சுப் பத்திரிகையாளருக்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: சுட மறுக்கும் சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை மீறுகிறான், கீழ்ப்படியாதே என்று நான் அவனுக்குச் சொல்ல முடியாது, நாளை அதிகாரம் எங்கள் கைக்கு வந்தால் இதே சிப்பாய்களைத்தான் நாங்களும் பயன்படுத்துவோம்.

இந்த ஒரு நிகழ்ச்சியை எல்லா மரபுகளின் முன்னும் வையுங்கள். வருணன் கார்வாலியைப் புரிந்துகொள்வான்: முன்னால் நிற்பவன் அடிக்கவில்லை, எனவே நானும் அடிக்க முடியாது. நியாயப் போர்க் கொள்கையும் அவர் பக்கம்தான், ஆயுதமில்லாதவனைக் குறிவைக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. புத்தரின் சூத்திரத்தின்படி அவர் அன்றைக்குத் தன் மனத்தைக் காப்பாற்றிக்கொண்டார். கடமையைச் செய் என்று கீதையைப் படிப்பவர் திணறுவார், எந்தக் கடமை? கார்வாலி செய்தது சரியென்று சொல்லாமல் நின்றவர் அகிம்சையின் பெயரால் நாம் முதலில் நினைக்கும் ஆள். காந்தி தவறினார் என்று நான் நினைக்கிறேன். சொல்லை மீறுவதும் அவருக்கு ஒருவகை ஹிம்சை என்று வாதாடி அவரைக் காப்பாற்றலாம். ஆனால் சிப்பாய்கள் நாளை நமக்கும் தேவை என்ற வாக்கியம் அறவியல் அல்ல, அரசாங்கம். நீங்கள் மாறுபடலாம், காரணத்தோடு.

அசோகரின் கல்வெட்டு தில்லியிலேயே இருக்கிறதாமே, போய்ப் படம் எடுத்துச் சேர்க்கலாமா?

ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் பக்கம் பாறையில் இருக்கிறது, 1966இல் கண்டுபிடித்தார்கள். கம்பிக்கூண்டுக்குள், சரிந்த பாறையில், தேய்ந்த பிராமி எழுத்துகள். வெயில் சாய்ந்து விழும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். போய்ப் பாருங்கள். ஆனால் அதில் கலிங்கம் இல்லை. தான் பௌத்த உபாசகனாகி இரண்டரை ஆண்டுக்கு மேலாகிறது, முதலில் ஒரு வருடம் சரியாக முயலவில்லை என்று ஏறக்குறைய நம்மைப்போலவே ஒப்புக்கொள்ளும் சிறு பாறைக் கல்வெட்டு அது. ஒரு பையன் அந்தப் படத்தைப் போட்டுக் கீழே 'கலிங்கப் போரின் வருத்தம்' என்று எழுதிவிட்டான்.

லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பெயர்க்கப்பட்டார்கள் என்று வருந்துவது 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு. அது பெஷாவர் சமவெளியின் ஷாபாஸ்கடியிலும் வேறு சில இடங்களிலும் இருக்கிறது. கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அது வெட்டப்படவில்லை. அடிபட்டவர்கள் கண்ணில் படும் இடத்தில் மட்டும் அந்த வருத்தம் இல்லை. அதே 13ஆம் கல்வெட்டு, காட்டுவாசிகளைப் பார்த்து, வருந்தினாலும் எனக்கு இன்னும் வலிமை இருக்கிறது, கொல்லப்படாமல் இருக்க வேண்டுமென்றால் திருந்துங்கள் என்றும் சொல்கிறது. அவரை அமைதிவாதி என்று எழுதுவதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள்.

இவ்வளவையும் 3,000 சொல்லில் எப்படி அடக்குவது?

அடக்க வேண்டாம். மூன்று பேரை எடுங்கள்: வருணன், ஹேஸ்டிங்ஸின் வில்லாளி, கார்வாலி. முதல் பத்தியிலேயே வருணன் தேரேறட்டும், விளக்கங்கள் பிறகு வரலாம். வரையறைகளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியையும் பார்த்து, கொன்றவனுக்கு இங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத பத்தியை எடுத்துவிடலாம். கீதைப் பத்தியை எடுக்க மனம் வராது, எனக்கும் வரவில்லை. அதை அடிக்குறிப்பில் வைத்தேன்.